அஷ்டமி, நவமி, ஆஃபர்

ஓ.எம்.ஆர். பக்கம் எந்த டீக்கடையிலும் அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் டீ, மறு கையில் போன். போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். திரையைப் பார்ப்பார், சைலண்டில் போடுவார், ஒரு மடக்கு குடிப்பார். பக்கத்தில் நிற்பவர் “என்ன சார், கடன்காரனா?” என்று கேட்டால், “இல்லப்பா, வேலை குடுக்கறவங்க” என்பார்.

இவர்தான் அவகாசக்காரர். மூன்று சுற்று நேர்காணலிலும் “எப்ப வேணா முடிவு எடுப்பேன் சார், நான் ரொம்ப க்ளியர்” என்று சொல்லிவிட்டு வந்தவர். ஆஃபர் கடிதம் மெயிலில் இறங்கிய நிமிடத்திலிருந்து அந்தத் தெளிவு காணாமல் போய்விடும். கடிதத்தின் கடைசிப் பத்தியில், 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் இந்த ஆஃபர் தானாகக் காலாவதியாகும் என்று ஒரு வரி இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பேர் விட்டுப்போனதைப் பார்த்தவர் மாதிரி, அவர் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிப்பார்.

அவருக்கு அவகாசம் தேவைப்படுவதில் தப்பே இல்லை. வேறொரு கம்பெனியில் கடைசிச் சுற்று செவ்வாய்க்கிழமை இருக்கும். இருக்கிற கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ். மானேஜரிடம் இன்னும் மூச்சு விட்டிருக்க மாட்டார். கடிதத்தில் போட்டிருக்கும் 18 லட்சத்தை மனைவி பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஒன்றரை லட்சம் என்று சொந்தபந்தங்களுக்குச் சொல்லியும் முடித்திருப்பார். ஆனால் இணைப்பில் உள்ள அட்டவணை வேறு கதை சொல்லும். வேரியபிள் 1,80,000, அது கம்பெனியும் அவரும் நன்றாகச் செய்தால், வருஷக் கடைசியில் வந்தாலும் வரலாம். அடிப்படைச் சம்பளம் 7,20,000 என்பதால் கம்பெனி கட்டும் பி.எஃப். 86,400. கிராஜுவிட்டி என்று சுமார் 34,600. அதுவும் பொதுவாக ஐந்து வருஷம் ஓட்டினால்தான் கைக்கு வரும். இதெல்லாம் போக, அவர் பங்கு பி.எஃப். தொகையும் கழிந்தால், வருமான வரிக்கு முன்பே மாதம் 1,18,000-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இரண்டு நாள் கேட்கலாம், எந்த எச்.ஆரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவகாசக்காரர் இந்த நிஜக் காரணம் ஒன்றையும் சொல்ல மாட்டார் என்பதுதான் விசேஷம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பாரோ என்னவோ. முதல் நாள் போனை எடுக்க மாட்டார். இரண்டாம் நாள், கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, தானே கூப்பிடுவார்.

“மேடம், ஆஃபர் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இன்னிக்கு அஷ்டமி மேடம்.”

“சரி சார், நாளைக்கு அக்செப்ட் பண்ணிடுங்க.”

“நாளைக்கு நவமி மேடம்.”

“அப்ப புதன்கிழமை தசமி. காலையில எமகண்டம் ஒம்பது மணிக்கு முடிஞ்சிடும், ராகு காலம் பன்னெண்டுக்குத்தான். பத்தரைக்கு மெயில் போட்டுடுங்க சார். எங்க வீட்லயும் காலண்டர் தொங்குது.”

அவர் அசர மாட்டார். அம்மாவிடம் கேட்க வேண்டும், அம்மா திருச்சியில் இருக்கிறார், திருச்சியில் சிக்னல் இல்லை என்று அடுத்ததை எடுப்பார். நேர்காணலில் பத்துப் பேர் கொண்ட குழுவைத் தனியாக நடத்துகிறேன் என்று சொன்னவர், அம்மாவைக் கேட்காமல் ஒரு பொத்தானை அமுக்க மாட்டார் என்பதை அந்த மேடம் நோட்டில் குறித்துக்கொள்வார்.

அந்த மேடத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆள் எடுப்பவரின் மாதக் கணக்கில் ஆஃபர் கொடுத்த எண்ணிக்கை ஏறாது. வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கைதான் ஏறும். 90 நாள் நோட்டீஸ் என்றால், இன்று சரி சொன்னவர் மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். அதற்குள் இந்தக் கடிதத்தைக் காட்டி இன்னும் இரண்டு இடத்தில் பேரம் பேசி, சேரும் நாளன்று போனை அணைத்துவிட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால்தான் 48 மணி நேரம். பட்டியலில் இரண்டாவதாக ஒருவர் இருக்கிறார். அவரும் நாலு இடத்தில் பேசிக்கொண்டிருப்பவர், ஒரு வாரம் காக்க வைத்தால் கையை விட்டுப் போய்விடுவார். நம்மவர் கேட்கும் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டாமவரின் பொறுமையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

பேசுவது கம்பெனியின் சொந்த எச்.ஆரா, கன்சல்டன்சியா என்பதையும் அவகாசக்காரர் கவனிப்பதில்லை. கன்சல்டன்சிக்குப் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கமிஷன். அதுவும் ஆள் சேர்ந்து சில மாதம் தாக்குப்பிடித்தால்தான் முழுசாக நிலைக்கும். கன்சல்டன்சிக்காரர் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவது அன்பால் அல்ல. அவகாசம் கொடுக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. கம்பெனியிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அவரிடம் “சரி பாத்துக்கலாம் சார்” என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு நம்மவர் நிம்மதியாகத் தூங்கப் போனால், மறுநாள் போர்ட்டலில் ஒப்புதல் பொத்தான் சாம்பல் நிறமாகியிருக்கும்.

அவகாசக்காரர் வேலை பார்க்கும் கட்டிடத்திலேயே ஆறாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறார். அவருக்கும் இதே மாதிரி ஆஃபர், வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது; கெடு சனிக்கிழமை ஆறு மணி. இன்னொரு கம்பெனியின் கடைசிச் சுற்று செவ்வாய். ஒரு மணி நேரத்துக்குள் அவரே எச்.ஆரைக் கூப்பிட்டார். “ரொம்ப சந்தோஷம் மேடம், இந்த டீம்ல வேலை பாக்க எனக்கு ஆசை. லெட்டரை நிதானமா படிக்கணும். வேரியபிள் பத்தியும், அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பத்தியும் ரெண்டு மூணு கேள்வி இருக்கு. இன்னொரு இடத்துல ப்ராசஸ் நடந்துட்டிருக்கு, அது செவ்வாய்க்கிழமை முடியுது. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் முடிவைச் சொல்லிடட்டுமா?”

இதில் அவகாசக்காரர் கற்பனை செய்யக்கூட முடியாதவை பல உண்டு. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே கேட்டார். “கொஞ்சம் டைம்” என்று கேட்காமல் கிழமையும் மணியும் சொன்னார். ஆள் எடுப்பவருக்கு அது தங்கம். ஹயரிங் மானேஜரிடம் போய்ச் சொல்ல ஒரு தேதி கிடைத்துவிட்டது, இரண்டாமவரிடமும் “வியாழக்கிழமை சொல்றோம்” என்று சமாளிக்கலாம். இன்னொரு இடம் இருப்பதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே எவ்வளவு தருகிறார்கள் என்று அளக்கவும் இல்லை, கம்பெனி பெயரையும் சொல்லவில்லை. எச்.ஆர். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, மறுநாள் மதியம் சரி என்றார்.

அதோடு அந்தப் பெண் விட்டாரா? “ரொம்ப தேங்க்ஸ் மேடம், போர்ட்டல்ல தேதியை மாத்திட முடியுமா? இல்லன்னா ஒரு வரி மெயில் போட்டாலும் போதும்” என்றார். எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான், ஆனால் இது சரியான காரியம். போனில் கிடைத்த அவகாசம் கணினிக்குத் தெரியாது. அது சனிக்கிழமை ஆறு மணிக்குத் தன் கடமையைச் செய்துவிடும்.

பிறகு இன்னொரு கம்பெனியைக் கூப்பிட்டார். இந்த வேலையைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். “என்கிட்ட ஒரு ஆஃபர் இருக்கு, புதன்கிழமை பதில் சொல்லணும். கடைசி ரவுண்டைத் திங்கட்கிழமை வெச்சுக்க முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்றார்கள். ஒரு பக்கம் நாள் நீண்டது, மறு பக்கம் நாள் சுருங்கியது. நடுவில் எச்.ஆருக்கு அனுப்ப வேண்டிய கேள்விகளை, நாளைக்கு ஒன்று என்று பிரித்து அனுப்பாமல், ஒரே மெயிலில் போட்டார். செவ்வாய் மாலையே முடிவு தெரிந்துவிட்டது. புதன் ஆறு மணிவரை காத்திருக்காமல் முதல் கம்பெனிக்குச் சரி சொல்லி, மற்றவர்களிடம் அன்றே நன்றி சொல்லி விலகிக்கொண்டார்.

புதன்கிழமை வந்தும் முடிவு தெரியாமல் இருந்திருந்தால்? இன்னொரு தடவை கேட்கலாம், ஒரு நாள். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கேட்பதற்காக ஆஃபரைப் பிடுங்குவது அபூர்வம். ஆனால் இரண்டாவது நீட்டிப்பில் எச்.ஆரின் குரல் மாறும். தினம் கூப்பிட்டவர் கூப்பிட மாட்டார். “ஹயரிங் மானேஜர்கிட்ட கேக்கணும்” என்பார். அதே வேலைக்கான விளம்பரம் வேலைத் தளத்தில் மறுபடி தலைகாட்டும். அப்போது அவகாசம் போதும், ஆஃபர்தான் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நம் அவகாசக்காரருக்கு இந்த அறிகுறிகள் தெரியாது. எச்.ஆர். கூப்பிடுவதை நிறுத்தியதும், “பரவாயில்லை, டென்ஷன் குடுக்காம விட்டுட்டாங்க” என்று சந்தோஷப்பட்டார். தசமி, ஏகாதசி, துவாதசி எல்லாம் தாண்டி, நல்ல முகூர்த்தத்தில் போர்ட்டலைத் திறந்தார். இணைப்பு திறக்கவில்லை. மேடத்துக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. இப்போது அவர் அடிக்க, அந்தப் பக்கம் யாரோ டீ குடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆனாலும் அவருக்கு ராசி உண்டு. இரண்டாமவர் வேறு எங்கோ சேர்ந்துவிட்டார். பத்து நாள் கழித்து அதே மேடம் கூப்பிட்டு, இந்தத் தடவை 24 மணி நேரம் என்றார். அவர் இருபது நிமிடத்தில் அமுக்கிவிட்டார். அன்று என்ன திதி என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்த 90 நாளும் அவர் வாழ்க்கையில் பொற்காலம். வாரம் ஒரு தடவை மேடம் கூப்பிட்டு, “சார், ரெசிக்னேஷன் அக்செப்ட் ஆயிடுச்சா? அம்மா எப்படி இருக்காங்க? திருச்சியில சிக்னல் வந்துடுச்சா?” என்று விசாரிப்பார். பொங்கலுக்கு வாழ்த்து வந்தது. கல்யாண நாளுக்கும் வந்தது. மனைவிக்கே சந்தேகம் வந்தது. சேர்ந்த அன்று காலை, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “மேடம், டூ வீலர் பார்க்கிங் எந்தப் பக்கம்?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.