இரண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதியா?

கே: ரிக்ரெஷன் முடிவுத் தாளின் கடைசியில் Durbin-Watson என்று ஓர் எண் வருகிறதே, அது எதை அளக்கிறது?
(எம்.ஏ. பொருளாதார மாணவி, திருச்சி)

ப: இந்தக் காலாண்டில் உங்கள் கணிப்பு தவறிய விதத்துக்கும் போன காலாண்டில் தவறிய விதத்துக்கும் உறவு உண்டா என்பதை. உண்மை மதிப்பிலிருந்து கணிப்பைக் கழித்தால் மிஞ்சுவது எச்சம். அடுத்தடுத்த எச்சங்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, எச்சங்களின் வர்க்கக் கூட்டலால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும். ஜேம்ஸ் டர்பினும் ஜெஃப்ரி வாட்சனும் 1950, 1951ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இந்தச் சோதனையை வகுத்தார்கள்.

கே: கையால் ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.
(கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்)

ப: எச்சங்கள் எட்டு: 3, 2, 2, 1, -1, -2, -3, -2. வர்க்கங்களின் கூட்டல் 36. அடுத்தடுத்த வித்தியாசங்கள் -1, 0, -1, -2, -1, -1, 1. அவற்றின் வர்க்கக் கூட்டல் 9. ஆகவே விடை 9/36, அதாவது 0.25.

இப்போது அதே எட்டையும் வரிசை மாற்றுங்கள்: 3, -2, 2, -3, 1, -1, 2, -2. வித்தியாச வர்க்கங்களின் கூட்டல் 111 ஆகிறது, விடை 3.08. எண்கள் மாறவில்லை, வரிசைதான் மாறியது. முதல் வரிசையில் கூடுதல் கூடுதலையும் குறைவு குறைவையும் இழுத்து வந்தன. இரண்டாவதில் ஒவ்வொரு முறையும் குறி புரண்டது. 0 முதல் 4 வரை போகும் அளவுகோல் இது. நடுவில் இருக்கும் 2, அடுத்தடுத்த பிழைகளுக்குள் உறவில்லை என்பதன் அடையாளம்.

கே: நான் 300 குடும்பங்களிடம் ஒரே மாதத்தில் எடுத்த கணக்கெடுப்பிலும் இந்த எண் அச்சாகிறது. 1.4 என்றால் பயப்பட வேண்டுமா?
(ஆய்வு மாணவர், மதுரை)

ப: வேண்டாம். மேலே பார்த்தபடி இந்த எண் வரிசையைப் பொறுத்தது. உங்கள் படிவங்களை வேறு விதமாக அடுக்கினால் வேறு எண் வரும். மென்பொருளுக்கு உங்கள் தரவு காலத்தொடரா இல்லையா என்று தெரியாது. எல்லாருக்கும் அச்சடித்துத் தரும். ஆனால் படிவங்கள் கிராமம் கிராமமாக அடுக்கப்பட்டிருந்தால், ஒரே கிராமத்துக் குடும்பங்களின் பிழைகள் ஒத்திருக்கலாம். அது வேறு பிரச்சினை. அதற்குக் கிராமவாரியாகத் திட்டப் பிழையைக் கணக்கிடும் முறை உண்டு.

கே: பத்து ஆண்டு சிமென்ட் விற்பனையைக் காலாண்டு வாரியாக எடுத்து, அரசின் கட்டுமானச் செலவோடு பொருத்தினேன். கெழுவின் t மதிப்பு 3.2, டர்பின்-வாட்சன் 0.60. முடிவை அறிக்கையில் எழுதலாமா?
(விற்பனைப் பிரிவு அலுவலர், சென்னை)

ப: இப்போதைக்கு எழுதாதீர்கள். 40 தரவுகள், ஒரே விளக்க மாறி என்றால் 5 சதவீத மட்டத்தில் அட்டவணை தரும் எல்லைகள் 1.44, 1.54. கீழ் எல்லைக்கும் கீழே போனால் பிழைகள் நேர்த்திசையில் தொடர்கின்றன என்று பொருள். இரண்டு எல்லைகளுக்கும் இடையே விழுந்தால் அட்டவணையால் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் சரியான எல்லை உங்கள் விளக்க மாறியின் மதிப்புகளைப் பொறுத்து மாறும். உங்களுடைய 0.60 கீழ் எல்லைக்கும் வெகு கீழே.

இந்த எண் ஏறக்குறைய 2(1 - r). இங்கே r என்பது அடுத்தடுத்த பிழைகளின் உடன்தொடர்பு. 0.60 என்றால் r சுமார் 0.7. கெழு சராசரியில் சரியாகவே இருக்கலாம். கெடுவது அதன் திட்டப் பிழை. 40 சாட்சிகளில் பலர் பக்கத்தில் நிற்பவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால், உங்களிடம் 40 தனிச் சாட்சியங்கள் இல்லை. ஆனால் வழக்கமான சூத்திரம் 40 என்றே எண்ணுகிறது.

கட்டுமானச் செலவும் மெதுவாக நகர்வதுதான். அதன் அடுத்தடுத்த உடன்தொடர்பு 0.8 என்று வைத்துக்கொள்வோம். 0.7ஐயும் 0.8ஐயும் பெருக்கினால் 0.56. உண்மையான திட்டப் பிழை, அச்சான பிழையைப் போல √(1.56/0.44) மடங்கு, அதாவது சுமார் 1.9 மடங்கு. உங்கள் 3.2 இப்போது 1.7. வழக்கமான 2 என்ற வாசலை அது தாண்டவில்லை.

கே: சரி, எப்படித் திருத்துவது?
(அவரே)

ப: முதலில் ஏன் என்று கேளுங்கள். பிழைகள் தொடர்வது பெரும்பாலும் மாதிரியில் ஏதோ விடுபட்டதன் தடயம். வீட்டுக் கடன் வட்டியை விட்டுவிட்டீர்களா? செலவின் பலன் இரண்டு காலாண்டு தள்ளி வருகிறதா? அவற்றைச் சேர்த்தபின் எண் 2ஐ நோக்கி நகர்ந்தால் நோய் பிடிபட்டது. அதன்பிறகும் தொடர்ச்சி மிஞ்சினால், 1987இல் நியூவியும் வெஸ்டும் தந்த திட்டப் பிழையைப் பயன்படுத்துங்கள். ஆர் மொழியில், உங்கள் மாதிரி m என்றால்:

```
library(lmtest); library(sandwich)
coeftest(m, vcov = NeweyWest(m))
```

கெழு அப்படியே இருக்கும். t மதிப்பு நேர்மையாகும். 40 தரவு போன்ற சிறிய தொகுப்பில் இந்தத் திருத்தமும் திட்டப் பிழையைச் சற்றுக் குறைத்தே சொல்லும் என்பதை நினைவில் வையுங்கள்.

கே: என் மாதிரியில் R² 0.94, டர்பின்-வாட்சன் 0.31. R² இவ்வளவு உயர்ந்திருக்கும்போது கவலை எதற்கு?
(வங்கி ஊழியர், ஈரோடு)

ப: அந்த உயரம்தான் கவலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1866 முதல் 1911 வரை, மொத்தத் திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் பங்கையும் இறப்பு விகிதத்தையும் ஒப்பிட்டார் புள்ளியியலாளர் யூல். உடன்தொடர்பு 0.95! சர்ச் கல்யாணம் குறைந்ததால் சாவு குறையவில்லை. இரண்டும் அந்தக் காலம் முழுக்கச் சரிந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். அவர் இதை எழுதியது 1926இல்.

1974இல் கிரேஞ்சரும் நியூபோல்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தொடர்களைக் கணினியில் உருவாக்கிப் பொருத்திப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் முந்தைய மதிப்பிலிருந்து குருட்டாம்போக்கில் ஓரடி வைத்து நகரும் தொடர். ஏறக்குறைய முக்கால்வாசி முறை, வழக்கமான t சோதனை உறவு இருப்பதாகவே சொன்னது. R² டர்பின்-வாட்சனைவிடப் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள் என்பது அவர்கள் விட்டுச்சென்ற எச்சரிக்கை. உங்கள் தாளில் 0.94 எங்கே, 0.31 எங்கே! சிமென்ட் கணக்கில் ஒரு பிழையின் தாக்கம் காலாண்டுகளில் தேய்ந்துபோகும். இங்கே தேயாமலே போகலாம். அப்போது கெழுவையே நம்ப முடியாது, நியூவி-வெஸ்ட்டும் காப்பாற்றாது. இரண்டு தொடர்களிலும் முந்தைய மதிப்பிலிருந்து ஏற்பட்ட மாற்றத்தை எடுத்து மறுபடி பொருத்துங்கள். உறவு அங்கேயும் நின்றால் பேசலாம்.

கே: எனக்கு 2.03 வந்துவிட்டது. இனி நிம்மதிதானே?
(புள்ளியியல் அலுவலர், புதுச்சேரி)

ப: இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. முதலாவது, வலப்பக்கத்தில் போன காலாண்டின் விற்பனையையே விளக்க மாறியாகச் சேர்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த எண் 2ஐ நோக்கிச் சாயும். தொடர்ச்சி இருந்தாலும் மறைக்கும். அந்த மாதிரியில் பிழைகள் தொடர்ந்தால் கெழுவே பிசகும் என்பதால் இது பெரிய ஆபத்து. இரண்டாவது, இந்த எண் பார்ப்பது பக்கத்துக் காலாண்டை மட்டும். போன பொங்கல் காலாண்டின் பிழை இந்தப் பொங்கல் காலாண்டில் திரும்பினால் அதன் கண்ணில் படாது. இரண்டுக்கும் பொதுவான மருந்து, 1978இல் வந்த ப்ரூஷ்-காட்ஃப்ரி சோதனை:

```
bgtest(m, order = 4)
```

காலாண்டுத் தரவுக்கு 4, மாதத் தரவுக்கு 12. கூடவே எச்சங்களைக் கால வரிசையில் ஒரு கோட்டுப் படமாக வரையுங்கள். பூஜ்யக் கோட்டுக்கு மேலே நீண்ட நாள், கீழே நீண்ட நாள் என்று அலை தெரிந்தால், 2.03 சொன்னதை ஏற்காமல் மாதிரியை மறுபடி திறங்கள்.