துண்டு தரிசனம்

தேக்கா வாசகர்: சாயரட்சைப் பூஜையின் நேரலையை அரை நிமிஷத் துண்டமாக வெட்டுகிறார்களே, தெய்வம் கோபிக்காதா?

தெய்வம் பொறுத்தருளும், பாதியில் அறுந்த மணியோசையைப் பக்தர் பொறார். 2020 ஏப்ரலில் சிங்கப்பூர் ஆலயக் கதவுகள் பொதுமக்களுக்கு அடைபட்டபோது திரையே சந்நிதியாயிற்று. ஆகவே, கருவறைத் திரை விலகுமுன்னரே எழும் மணிநாதத்துக்கு இரண்டு விநாடி முன்னே தொடங்கி, தீபம் ஒரு முழுச் சுற்று முடிந்தபின் நிறுத்துவதே உத்தமம்.

ஈசூன் வாசகர்: கைப்பேசிக்காக நெடுவாக்கில் நறுக்கினால் தீபம் காணாமற்போகிறதே?

16:9 சட்டத்தை 9:16 ஆக்கினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட எஞ்சாதபோது, தீபம் எங்கே போய் நிற்கும்? அம்பாளை நடுவில் நிறுத்திச் சற்று விலகிப் படம்பிடிக்குமாறு பூஜைக்கு முன்பே ஒளிப்பதிவாளரிடம் சொல்லி வையுங்கள். வெட்டும்போது வருந்திப் பிரயோஜனமில்லை.

சிராங்கூன் சாலை வாசகர்: குறிப்பில் 'கண் கலங்க வைக்கும் காட்சி!' என்று எழுதலாமா?

பிறர் கண்ணீரை நீங்கள் ஏன் முன்பதிவு செய்கிறீர்கள்? 'மேலும்' என்பதை அழுத்தாமலே தெரியும் முதல் வரியில் ஆலயம், பூஜை, தேதி, சிங்கப்பூர் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த நேரலைக்கு 'நாளை மாலை 6.30' என்று மட்டும் போட்டால், கும்பகோணத்து அத்தை தம் கடிகாரத்தில் 6.30க்குத் திறப்பார், இங்கே அப்போது இரவு 9 மணி, அர்ச்சகர் நடைசாத்தப் புறப்பட்டிருப்பார்!