நடுவில் ஒரு கோடு

வண்டலூர் ஜூவுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இன்னும் முதலை எது, கரியால் எது என்று போர்டைப் படித்துத்தான் சொல்வேன். ஹைஃபனுக்கும் என்-டேஷுக்கும் யாரும் போர்டு மாட்டி வைக்கவில்லை, அதனால் அந்த விஷயத்தில் என் நிலைமை இன்னும் மோசம்.

என் தொழில் வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பது. மனு, எழுத்துவாதம், டைப்டு செட் எல்லாம் வரும். எழுத்துப் பிழை இல்லாமல் அடிப்பேன் என்று எனக்குப் பேர். எழுத்தே இல்லாத ஒரு சின்னக் கோட்டில் மானம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு தீர்ப்பின் 366, 367 ஆகிய பக்கங்களைக் காட்ட வேண்டுமென்றால் நடுவில் கோடு போட்டு 366–67 என்று எழுதுவார்கள். கீபோர்டில் இருக்கிற குட்டைக் கோடு ஹைஃபன். அதைவிடக் கொஞ்சம் நீளமானது என்-டேஷ், இன்னும் நீளமானது எம்-டேஷ். எனக்கு எல்லாமே கோடுதான்.

வேர்டு எனக்குத் தெரியாமலே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 366-67 என்று ஒட்டி அடித்தால் ஹைஃபனை அப்படியே விட்டுவிடும். 366 - 67 என்று ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விட்டு அடித்தால், அடுத்த ஸ்பேஸ் தட்டியதும் அதுவாகவே என்-டேஷாக நீட்டிவிடும். காலையில் ஒட்டி அடிப்பேன், சாப்பிட்ட பிறகு தாராளமாக இடம்விட்டு அடிப்பேன். என் மதியத் தூக்கம் நாற்பது பக்கத்திலும் பதிவாகியிருந்தது.

சீனியர் ஒருநாள் பக்கத்தில் நின்று, "அந்த 366-67 எங்கெங்க வருதுன்னு தேடுப்பா" என்றார். தேடினேன். ரெண்டு இடம் என்றது. பேப்பரில் அவர் கையால் வட்டம் போட்டு வைத்திருந்தது ஐந்து. ஹைஃபனைத் தேடினால் என்-டேஷ் அகப்படாது, ஒட்டினதைத் தேடினால் இடம்விட்டது அகப்படாது. "கம்ப்யூட்டர் ஸ்லோ சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அப்புறம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்கோலா முறை என்-டேஷ் போடுகிறது. அமெரிக்காவின் புளூபுக் என்-டேஷ், ஹைஃபன் ரெண்டையும் ஒத்துக்கொள்கிறது. எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம்வரை அதே இருக்க வேண்டும், எண்ணுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஸ்பேஸ் கூடாது. "நம்ம ஆபீஸ்ல என்-டேஷ்" என்றார். நம்ம ஆபீஸில் என்று அவர் சொன்னதிலேயே வேலை போகவில்லை என்று தெரிந்து, பாதிப் பாடத்தைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

விட்ட பாதிதான் முக்கியம். நூறைத் தாண்டிய எண்களில் ரெண்டாவது எண்ணைச் சுருக்கலாம், ஆனால் கடைசி ரெண்டு இலக்கம் நிற்க வேண்டும். 300–05 சரி, 300–5 தப்பு. நூறு மாறினால் சுருக்கவே கூடாது, 298–305 என்று முழுசாகப் போட வேண்டும். நான் 298–05 என்று அடித்திருந்தேன். அதைப் படித்தவர் 298-இலிருந்து 205-க்குப் பின்னோக்கி நடக்க வேண்டும். வண்டலூரிலிருந்து பீச் போகிறேன் என்று செங்கல்பட்டு வண்டியில் ஏறின கதைதான், அதுவும் எனக்கு நடந்தது.

எல்லாக் கோட்டையும் ஒரே அடியில் சரிசெய்ய 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தினேன். ஹைஃபன் இருந்த இடமெல்லாம் என்-டேஷ் ஆனது. 498-ஏ என்கிற பிரிவில் இருக்கிற ஹைஃபன் 'முதல், வரை' என்று சொல்வதில்லை, அது அந்தப் பிரிவின் பேரிலேயே ஒரு பாகம். அதுவும் நீண்டது, 120-பி-யும் நீண்டது. வக்கீல் லெட்டர்ஹெட்டில் இருந்த போன் நம்பரும் நீண்டது. அதைப் பார்த்து யாராவது போன் செய்தால், எங்கிருந்து எங்கே வரைக்கும் என்று கேட்டிருப்பார்கள்.

குமாஸ்தா அண்ணன்தான் வழி சொன்னார். 'யூஸ் வைல்ட்கார்ட்ஸ்' டிக் செய்துவிட்டு, ரெண்டு பக்கமும் எண் இருக்கிற ஹைஃபனை மட்டும் தேடச் சொன்னார்:

```
Find:    ([0-9])-([0-9])
Replace: \1^=\2
```

அந்த `^=` தான் வேர்டில் என்-டேஷுக்குப் பேர். 498-ஏ தப்பித்தது. ஆனால் 12-08-2025 மாதிரித் தேதியும் போன் நம்பரும் இதிலும் மாட்டும், அதனால் மொத்தமாக அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். இதை மட்டும் ஒழுங்காகக் கேட்டேன். நூற்றுப்பத்து முறை கிளிக் செய்ததில் விரல் வீங்கியது.

அடுத்து வந்தது தாம்பரம் வடிகால் சம்பந்தமான ஒரு மனு. தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டதால், அரசியல் சாசனத்தில் நகராட்சிகளைப் பற்றிய ஒன்பது-ஏ பாகத்தை மேற்கோள் காட்ட வேண்டும். அந்தப் பாகம் 243-P-யில் ஆரம்பித்து 243-ZG-யில் முடிகிறது. நான் புதுசாகக் கற்ற உற்சாகத்தில், ஸ்பேஸ் விடாமல், சுத்தமாக `243-P–243-ZG` என்று அடித்தேன். சீனியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது டிஎன்-11 வண்டியா?" என்றார்.

பேருக்குள்ளேயே ஹைஃபன் இருந்தால் கோட்டை விட்டுவிட்டு `243-P to 243-ZG` என்று வார்த்தையில் எழுத வேண்டுமாம். கோடு போடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது, கோடு போடாமல் இருக்கக் கற்றுக்கொள்ள இன்னொரு வருஷம் ஆகும்போல.

உச்சக்கட்டம் டைப்டு செட் இண்டெக்ஸ். வரிசை எண், தேதி, ஆவணம், பக்கம் என்று நாலு காலம். எக்செலில் போட்டால் அழகாக இருக்கும் என்று போட்டேன். கிரயப் பத்திர நகல் 1-8, பட்டா 9-12, வக்கீல் நோட்டீஸ் 13-18. ஹைஃபனை ஒட்டித்தான் அடித்தேன், ஸ்பேஸே இல்லை. திரும்பிப் பார்த்தால் பக்கக் காலத்தில் `01-Aug`, `09-Dec`, கடைசியில் மட்டும் 13-18. பதினெட்டாவது மாசம் இல்லாத காரணத்தால் வக்கீல் நோட்டீஸ் மட்டும் பிழைத்தது.

பதறிப்போய் அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றினேன். எக்செல் தேதியை உள்ளுக்குள் ஒரு நம்பராகத்தான் வைத்திருக்கும், அது வெளியே வந்துவிட்டது. நடந்தது 2025 என்பதால் கிரயப் பத்திரம் 45870-ஆம் பக்கம், பட்டா 46000-ஆம் பக்கம். மொத்தமே பதினெட்டுப் பக்கம். குமாஸ்தா அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "கட்டு தூக்க லாரி சொல்லட்டுமா?" என்றார்.

அடிக்கிறதுக்கு முன்னாடியே காலத்தை டெக்ஸ்ட் ஆக்கியிருக்க வேண்டும். அல்லது சீனியர் சொன்ன என்-டேஷைப் போட்டிருந்தாலே போதும், எக்செல் அதைத் தேதி என்று நினைக்காது. ஆபீஸ் விதியை மதித்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

நொந்துபோய் வீட்டுக்கு வந்தால் மனைவி, "ரெண்டு மூணு தேங்கா வாங்கிட்டு வாங்க" என்றாள். ரெண்டா மூணா, நடுவில் கோடு உண்டா என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

கடையில் "ரெண்டு மூணு தேங்கா" என்றேன். கடைக்காரர் யோசிக்காமல் மூன்றைப் பையில் போட்டார். வீட்டில் உடைத்துப் பார்த்தால் ஒன்று அழுகல்.