வீட்டுக்கு வராத மாப்பிள்ளை

மனைவியை இழந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர். கணவனை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். இருவரும் அதிகாலை நடையில் சந்திக்கிறார்கள், பழகுகிறார்கள். இந்தச் சிறுகதை நம் வாரப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. வழக்கமாக அது ஒரு நகரப் பூங்காவில் நடக்கும், சிமெந்து வாங்கு இருக்கும், மூன்றாம் பக்கத்தில் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கத்துவான். இதே கதையை மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கொண்டுவருபவர்கள் பூங்காவைத் தூக்கிவிட்டுக் கல்லடிப் பாலத்தையும், பின்னணிக்குப் பாடும் மீனையும் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாடும் மீன் என்பது நிலவு நாளில் ஊர் அடங்கிய பிறகு தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்கிற சங்கதி. விடியப்புறம் பாலத்தடியில் கேட்பது சூன் பாண் முச்சக்கர வண்டி போடும் பீத்தோவன்தான். சங்கீதம் போகட்டும், அடிப்படைப் பிழை வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஊரில் அந்த இருவரும் நடக்கக் காரணம் டொக்டர் சொன்ன சீனி வருத்தம் அல்ல, வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதே என்பது என் கட்சி.

கொஞ்சம் விளக்க வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் சீதனம் என்றால் முதலில் வீடு. மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் பெற்றோர் இருந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்சப் பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். அடுத்தவளுக்கு அந்த வீடு. கடைசி மகளின் முறை வரும்போது பெற்றோருக்கு மிஞ்சுவது ஓர் அறையும் விறாந்தையின் ஒரு மூலையும்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். அக்கரைப்பற்றில் 1969இலிருந்து இதையெல்லாம் பொறுமையாகக் குறித்துக்கொண்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் பெரிய புத்தகமாகவே போட்டிருக்கிறார். இப்போது நம் கதாநாயகரைப் பாருங்கள். நாற்பது வருடங்களுக்கு முன்பு அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். வீடு முதலில் மனைவியுடையது, பிறகு மகளுடையது. மனைவி இருந்தவரை அவருக்கு அங்கே ஒரு பதவி இருந்தது. இப்போது அதே பதவியில் மருமகன் இருக்கிறார். ஒரே விறாந்தையில் ஒரு பழைய மாப்பிள்ளை, ஒரு புதிய மாப்பிள்ளை, ஒரே ஒரு சாய்மனைக் கதிரை, ஒரே ஒரு பேப்பர். காலை ஐந்தரைக்கு இருவரில் ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும். மருமகனுக்குக் கந்தோர் எட்டரைக்குத்தான்.

அம்மணியின் நிலை அப்படியல்ல. அவரும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தவர்தான். ஆனால் அவர் பிறந்த வளவு அதுவே. சுற்றிலும் சகோதரிகள், மகள்மார், பெரியம்மா மக்கள். அவரை ஒதுங்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அவர் நடக்கப் போவது இந்தக் கூட்டத்திடமிருந்து ஒரு மணி நேரம் தப்பிக்க. ஆக, ஒருவர் வீட்டில் இடம் போதாமல் வருகிறார், மற்றவர் வீட்டில் ஆள் கூடி வருகிறார். பூங்காக் கதைகளில் இருவருக்கும் ஒரே தனிமை இருக்கும். இங்கே தேவை இரண்டும் எதிரெதிர். பேச விசயம் கிடைப்பதும் அதனால்தான்.

கெண்ட் ஹாரஃப் எழுதி 2015இல் வந்த அமெரிக்க நாவல் ஒன்றில், ஒரு விதவை அயல்வீட்டு மனைவியிழந்தவரிடம் போய், இரவில் வந்து பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார். அவரும் பைஜாமாவைக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டு போகிறார். அந்த ஊருக்கு அது பெரிய துணிச்சல். மட்டக்களப்பில் ஓர் ஆண் உடுப்புப் பையோடு ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனால் அதற்குப் பெயர் துணிச்சல் அல்ல, கலியாணம். பைஜாமா கூட வேண்டாம், உள்ளே போய் ஒரு பிளேன்ரீ குடித்தாலே பாதிச் சடங்கு முடிந்தமாதிரி. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் காலங்காலமாகப் பயமுறுத்துவதும் இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான். போன மாப்பிள்ளை திரும்பவில்லை என்பதற்கு மருந்து மாயம் என்று காரணம் சொன்னார்களே தவிர, வீடு பெண்ணுடையது என்று யோசிக்கவில்லை. ஆகவே இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் தேவை. 1924இல் ஆங்கிலேயர் ஓர் ஆளுநரின் மனைவி பெயரில் கட்டிய பழைய கல்லடிப் பாலம், 2013இல் புதியது திறந்த பின்னும் பக்கத்திலேயே நிற்கிறது. அதை யாரும் எந்த மகளுக்கும் சீதனமாக எழுதிக் கொடுக்க முடியாது. நடை இங்கே உறவுக்கு முன்னோட்டம் அல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு வராமல் இருப்பதற்கான ஒரே வழி.

இதெல்லாம் பழங்கதை, 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முக்குவர் சட்டமே போய்விட்டதே என்று ஒரு சட்டத்தரணி எழும்புவார். நீதிமன்றத்தில் போனது உண்மை. சீதன உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு அதனால் வேலை குறையவில்லை. குடி பார்ப்பதும் இப்போது இல்லை என்பார் இன்னொருவர். இந்த இருவரும் சேர்ந்து நடக்கட்டும், மூன்றாம் நாளே ஒழுங்கையில் ஒரு கிழவி கேட்பாள்: “அந்த மனுசன் என்ன குடி கா?” தாய்வழியில் வரும் குடி இருவருக்கும் ஒன்றென்றால் அவர்கள் அண்ணன் தங்கச்சி முறை, பாலத்தை ஆயிரம் தரம் கடந்தாலும் ஊருக்குச் சுவை இல்லை. வேறு குடி என்றால் மச்சான் மச்சாள் முறையும் வரலாம். அப்போது ஊருக்கே நடைப்பயிற்சியில் அக்கறை பிறக்கும். கெட்டிக்கார எழுத்தாளர் இதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைப்பார்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. விதவை விடியற்காலையில் எதிரே வந்தால் சகுனப் பிழை என்று முகம் திருப்புகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் வைகாசி வந்தால் இதே ஊர்கள் கண்ணகையம்மனுக்குச் சடங்கு செய்து, குளிர்த்தி பாடி, அவள் கோபம் தணியக் கும்பிடுகின்றன. அவள் யார்? கணவனை இழந்த பின், தன்னந்தனியே வைகைக் கரையோடு சேரநாட்டு மலை வரை நடந்த பெண். ஊரையே எரித்துவிட்டு நடந்தவளைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறவர்கள், ஒருவரின் வைக்கோலைக் கூட எரிக்காமல் கான்வஸ் சப்பாத்தோடு நடக்கிற ரீச்சரைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு எந்தச் சாத்திரத்தில் இடம் இருக்கிறதோ, தெரியவில்லை. போரும் 2004 சுனாமியும் இந்தக் கரையில் எத்தனை வீடுகளைப் பெண்களின் தோளில் ஏற்றின என்று பார்த்தால், சகுனம் பார்க்கிறவர் வீட்டுக்கு வெளியே வரவே முடியாது.

சரி, கடைசியில் கலியாணம் செய்து வைக்கலாமே? விவாகப் பதிவாளருக்கு ஆட்சேபம் இராது. பென்சனுக்கு என்ன நடக்கும் என்று யாராவது பிரதேச செயலகத்தில் மெதுவாக விசாரித்துவிட்டு வருவார்கள். தடை அதுவும் அல்ல. வழமைப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே போக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு மருமகன், ஒரு சாய்மனைக் கதிரை. ஒரு விறாந்தையிலிருந்து தப்பியவர் இன்னொரு விறாந்தையில் மூன்றாமிடத்துக்குப் போய்ச் சேருவார். அதனால் கதைக்கு நெருக்கடி வெளிநாட்டு மகனால் வராது, மாரி மழையால் வரும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது பாலத்தில் நடக்க முடியாது. ஒதுங்க வேண்டுமானால் யாரோ ஒருவரின் வீடு வேண்டும். இதை முதலில் விளங்கிக்கொள்பவர் அவருடைய மருமகன். ஐப்பசி பிறந்ததுமே கடைக்குப் போய், இருக்கிறதிலேயே பெரிய குடையைக் கேட்டு வாங்கி வந்து, “மாமா, நனையாமப் போயிற்று வாங்க” என்று கொடுப்பார். மகள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வாள்.