ஒரு YES போடுங்கள்

மாலை ஆறரைக்கு வாட்ஸ்அப் வரும்: "நாளை காலை 9.30 மணிக்கு நேர்காணல். YES என்று பதிலனுப்பி வருகையை உறுதி செய்யவும்." அனுப்புகிறோம். பத்தாவது நிமிடம் கன்சல்டன்சியிலிருந்து போன்.

"சார், நாளைக்கு கன்ஃபர்ம்தானே?"

"YES போட்டுட்டேனே மேடம்."

"பார்த்தேன் சார். வாயால ஒரு தடவை சொல்லிடுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டியலில் இருப்பவர்கள் 'லைன்-அப்', வந்து சேர்பவர்கள் 'டர்ன்-அப்'. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது அவர் வேலை. "நூறு சதவீதம் வர்றேன் மேடம்" என்று உருகுகிறவரின் போன்தான் காலை ஒன்பதுக்கு ஸ்விட்ச்டு ஆஃப். அநேகமாக வேறொரு கம்பெனியின் ஆஃபர் கையில் வந்திருக்கும். எந்த மாடி, வண்டி எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்பது என்று நச்சரிப்பவர் வந்துவிடுவார்.

யார் எந்த ரகம் என்று தெரியாததால், ஐந்து பேர் வேண்டிய இடத்தில் பத்துப் பேருக்குச் செய்தி போகிறது. பாழாய்ப்போன ஒரு நாளில் பத்துப் பேரும் வந்துவிடுகிறார்கள். ரிசப்ஷனில் நாற்காலி நான்கு. நேர்காணல் செய்யவேண்டியவர் பதினொன்றரைக்கு வருகிறார். அவரிடம் மட்டும் யாரும் YES வாங்கவில்லை.