பல்லுக்கு ஊசி, படபடப்பு நெஞ்சுக்கு

மாமனாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டும். ‘மரத்துப்போகிற ஊசியில் அட்ரினலின் இருக்கிறது, ஹார்ட் பேஷன்ட்டுக்குப் போடவே கூடாது’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிஜமா?
– மருமகள், திண்டுக்கல்

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதி மார்க் கொடுக்கலாம். அட்ரினலின் இருப்பது நிஜம். ‘போடவே கூடாது’ என்பது அவர் சொந்தச் சரக்கு.

மரத்துப்போக வைப்பது லிக்னோகெயின். 1943-ல் ஸ்டாக்ஹோமில் நில்ஸ் லோஃப்கிரேன் தயாரித்த மருந்து. அவருடைய இளம் சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே குத்திப் பரிசோதித்தார் (வீட்டில் முயல வேண்டாம்). நல்ல மருந்துதான், ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: போன இடத்தில் ரத்தக்குழாயை விரித்துவிடும். விரிந்த குழாய் வழியே தானே அடித்துச் செல்லப்பட்டுவிடும். அட்ரினலின் அந்த மடையை அடைக்கிறது. குழாய் சுருங்குகிறது, மருந்து போட்ட இடத்திலேயே தங்குகிறது. மேல்தாடைப் பல்லில் லிக்னோகெயினை மட்டும் போட்டால் பல்லின் நரம்பு ஐந்து, பத்து நிமிஷத்தில் விழித்துக்கொள்ளும். அட்ரினலின் சேர்ந்தால் ஒரு மணி நேரம் வரை தூங்கும். ரத்தக்கசிவும் குறையும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிற உங்கள் மாமனாருக்கு அதுவும் ஒரு லாபம். (அந்த மாத்திரைகளை அவரே நிறுத்திவிட்டுப் பல் டாக்டரிடம் போய் நிற்க வேண்டாம். பல் போனால் போகட்டும், ஸ்டென்ட் அடைக்கக்கூடாது.)

சரி, எவ்வளவு போடலாம்? அதையும் சொல்லிவிடுங்கள்.
– அதே மருமகள், அடுத்த வாரக் கடிதம்

விடமாட்டீர்கள் என்று தெரியும். மாமனாரின் எடை 60 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், கணக்குப் போடுவோம். ஒரே ஊசியில் இரண்டு மருந்து இருப்பதால் வரம்பும் இரண்டு. எது முதலில் வருகிறதோ அங்கே நிற்க வேண்டும்.

முதலில் லிக்னோகெயின். அட்ரினலின் சேர்ந்திருந்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை, எவ்வளவு பெரிய ஆளானாலும் 500-ஐத் தாண்டக்கூடாது. அட்ரினலின் இல்லாமல் போட்டால் கிலோவுக்கு 4.5, உச்சம் 300. (சில பல் மருத்துவப் புத்தகங்கள் இரண்டுக்குமே 4.4 என்று கையை இறுக்கிப் பிடிக்கின்றன.) மாமனாருக்கு 60 × 7 = 420 மில்லிகிராம். பல் மருத்துவமனையில் இருப்பது 2 சதவீதக் கரைசல், அதாவது ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். ஆக 21 மில்லி! தாராளம்தான் என்று தோன்றும்.

இப்போது அட்ரினலின். குப்பியில் 1:80,000 என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம் இருக்கிறது என்று அர்த்தம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு தடவைக்கு 200 மைக்ரோகிராம் வரை அனுமதி. இதய நோயாளிக்குப் பல் மருத்துவம் வைத்திருக்கும் கோடு 40. நாற்பதை 12.5 ஆல் வகுத்தால் 3.2 மில்லி. இருபத்தொன்று எங்கே, மூன்றே கால் எங்கே! லிக்னோகெயினின் வரம்பு கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்கும்போதே அட்ரினலின் வரம்பு வாசலில் வந்து நிற்கிறது. அதனால் இதய நோயாளி விஷயத்தில் லிக்னோகெயினைக் கிலோ கணக்கில் பெருக்கிவிட்டு நிம்மதியடைகிறவர் தப்புக் கணக்குப் போட்டவர்.

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேண்டியது எவ்வளவு? தாடை நரம்புக்கு ஏறக்குறைய 2 மில்லி, கன்னப்பக்க ஈறுக்கு அரை மில்லி. மொத்தம் 2.5 மில்லி: லிக்னோகெயின் 50 மில்லிகிராம், அட்ரினலின் 31 மைக்ரோகிராம். கோட்டுக்குள்தான் இருக்கிறார். ஆனால் முதல் ஊசி சரியாகப் பிடிக்காமல் இன்னொரு 2 மில்லி ஏற்றினால் அட்ரினலின் 56 ஆகிவிடும். அந்த இடத்தில் டாக்டருக்கு வழிகள் உண்டு. இரண்டாவது ஊசியை அட்ரினலின் இல்லாததாகப் போடலாம். முதலிலிருந்தே 1:2,00,000 குப்பியை எடுத்திருந்தால், அதில் மில்லிக்கு 5 மைக்ரோகிராம்தான், 8 மில்லி வரை போக இடமிருக்கும். ‘வந்ததே வந்தோம், பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடுங்கள்’ என்று மாமனார் ஆசைப்பட்டால் மட்டும் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பல் போதும்.

இவ்வளவு வம்பு எதற்கு? ஹார்ட் பேஷன்ட்டுக்கு அட்ரினலின் இல்லாத ஊசியையே போட்டுவிட வேண்டியதுதானே?
– ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கும்பகோணம்

கணக்கில் ஒரு எண்ணை விட்டுவிட்டீர்கள் சார். நோயாளியின் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியும் அட்ரினலின் ஆலைதான். ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு ஏழு மைக்ரோகிராம் அளவில் சுரக்கும் அந்த ஆலை, கடும் பயத்திலும் வலியிலும் இருபது, நாற்பது மடங்கு வேகம் பிடிக்கும் என்கின்றன பாடப்புத்தகங்கள். பாதி மரத்த பல்லை இழுக்கும்போது உடம்பே கொட்டும் அட்ரினலினுக்கு எந்தக் குப்பியிலும் லேபிள் கிடையாது, யாரும் அளப்பதும் இல்லை. அளந்து போட்ட 31 மைக்ரோகிராம் அதைவிட எவ்வளவோ சாது. ஐந்து நிமிஷ வேலை, மேல்தாடை, ஆடுகிற பல் என்றால் உங்கள் யோசனை பலிக்கும். ஆழமாக வேர்விட்ட கடைவாய்ப்பல்லுக்குப் பலிக்காது.

போன மாதம் பல் ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது. ‘உனக்கு லிக்னோகெயின் அலர்ஜி’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் மரத்துப்போகாமலே பல் பிடுங்க வேண்டுமா?
– பயந்தவன், தூத்துக்குடி

பயப்படாதீர்கள். நீங்கள் சொன்ன படபடப்பு ஊசியோடு தொடங்கி, சில நிமிஷங்களில் தானே அடங்கியிருந்தால், அது பெரும்பாலும் அட்ரினலின் கொஞ்சம் நேராக ரத்தக்குழாய்க்குள் போனதன் அடையாளம், அல்லது உங்கள் பயம் சுரந்த அட்ரினலின். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு வந்ததா? இல்லையென்றால் அலர்ஜி முத்திரையைச் சும்மா சுமக்க வேண்டாம். லிக்னோகெயினுக்கு நிஜமான அலர்ஜி மிக அபூர்வம்.

இதைத் தவிர்க்க இரண்டு பழக்கம் போதும். ஊசியைச் செருகியதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. நிமிஷத்துக்கு ஒரு மில்லி என்று நிதானமாக ஏற்றுவது இன்னொன்று. தாடை நரம்பின் பக்கத்திலேயே ரத்தக்குழாய் ஓடுகிறது. அவசரக்காரரின் ஊசி அங்கே தடுக்கி விழுவதில் ஆச்சரியமில்லை. ஆரோக்கியமானவருக்கு அது ஐந்து நிமிஷப் படபடப்பு. இதய நோயாளிக்கு நெஞ்சுவலியில் போய் முடியலாம். அதனால் அவர் விஷயத்தில் 3.2 மில்லி என்ற அளவோடு, அது எந்த வேகத்தில் உள்ளே போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லிக்னோகெயினே அதிகமானால் முகம் வேறு. நாக்கும் வாயைச் சுற்றியும் மரக்கும், வாயில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், பேச்சுக் குழறல், பிறகு தசைத் துடிப்பு, வலிப்பு. இன்னும் ஏறினால் நாடி தளரும், ரத்த அழுத்தம் விழும். ஊசி போட்ட பக்கத்து உதடு மரப்பது சகஜம், போடாத பக்கமும் மரத்தால் உடனே சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இதற்கு ஆக்சிஜனோடு, 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தத்தில் ஏற்றுவார்கள்.

லிக்னோகெயின் இதயத்துக்கே மருந்து என்று படித்தேன். அப்புறம் இதய நோயாளிக்கு அதில் என்ன எச்சரிக்கை?
– நர்ஸிங் மாணவி, வேலூர்

சரியாகப் படித்திருக்கிறாய் பெண்ணே. நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மூடுகிற அதே வேலையை இதயத் தசையிலும் செய்கிறது. அதனால்தான் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும்போது கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் ரத்தத்தில் ஏற்றுவார்கள். அந்தக் குப்பியில் அட்ரினலின் இருக்காது, இருக்கவும் கூடாது. எடுக்கும்போது லேபிளை இரண்டு தடவை படி.

எச்சரிக்கை வேறு இடத்தில். லிக்னோகெயினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். இதயம் சோர்ந்து கால் வீங்கியிருக்கும் நோயாளிக்குக் கல்லீரலுக்குப் போகும் ரத்தமே குறைவு, மருந்து நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அவருக்குக் கிலோ கணக்கு காட்டும் உச்சத்தை நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது.

மேடை ஏறினால் கை நடுங்குகிறது என்று ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறேன். ஹார்ட்டில் எனக்கு ஒன்றுமில்லை. இதைப் பல் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?
– வீணைக் கலைஞர், மயிலாப்பூர்

முதல் வரியிலேயே சொல்லுங்கள். அட்ரினலின் சில ரத்தக்குழாய்களைச் சுருக்கும், சிலவற்றை விரிக்கும். இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் ரத்த அழுத்தம் பெரிதாக நகராது. ப்ரொப்ரனலால் அந்த விரிக்கும் வழியை மூடிவிடுகிறது. மிச்சம் சுருக்கம் மட்டும். அழுத்தம் திடீரென்று ஏறும், நாடி மாறாக இறங்கும். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உங்களுக்கு ஒரு மில்லி போட்டு, ஐந்து நிமிஷம் பொறுத்து, பி.பி. பார்த்துவிட்டு மேலே போவதுதான் முறை. போதாததற்கு, ப்ரொப்ரனலால் லிக்னோகெயின் வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். ‘அப்படியானால் நேற்றே நிறுத்திவிட்டேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். தினமும் சாப்பிடுகிறவர் சட்டென்று நிறுத்துவது தனி ஆபத்து.

எப்போதுதான் பல் டாக்டர் ‘இன்று முடியாது’ என்று சொல்ல வேண்டும்?
– கிளினிக் உதவியாளர், ஈரோடு

மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர் (ஆறு மாதம் என்பது பழைய கணக்கு, இப்போது இதய மருத்துவரைக் கேட்டு அதற்கு முன்பே செய்கிறார்கள்), சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர், அடங்காத துடிப்புக் கோளாறு உள்ளவர், படுத்தால் மூச்சு முட்டுகிறவர், பி.பி. 180/110-க்கு மேல் நிற்கிறவர். இவர்களுக்கு வலி மாத்திரையும், தேவையானால் ஆன்டிபயாடிக்கும் கொடுத்துவிட்டு இதய மருத்துவரிடம் அனுப்புவதுதான் சரி. அப்படி அனுப்பும்போது ‘ஃபிட்டா?’ என்று ஒற்றை வார்த்தைக் கடிதம் எழுதாமல், எந்த மருந்து, எத்தனை மில்லி என்று எழுதச் சொல்லுங்கள் உங்கள் டாக்டரை. கேள்வி அரைகுறையாக இருந்தால் ‘ஃபிட்’ என்ற அரைகுறைப் பதில்தான் திரும்பி வரும்.

ஒரு 30 மில்லி குப்பியை ஒரே ஆளுக்குப் போட்டால்?
– பல் மருத்துவ மாணவன், அண்ணாமலை நகர்

600 மில்லிகிராம். பயில்வானுக்கும் அதிகம். தம்பி, வைவாவில் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள், பதிலைக் குறித்துவைத்துக்கொள்.

ஊசி போட்டபின் எப்போது காபி குடிக்கலாம்?
– காபிப் பிரியர், தஞ்சாவூர்

பல் விழித்த பிறகும் உதடு இரண்டு, மூன்று மணி நேரம் தூங்கும். அது எழுந்த பிறகு, அதுவும் ஆறிய காபியாக.