கோனார் நோட்ஸ் சார்

காலாண்டுக் கணக்கை போர்டு முன்னால் வைக்கும் நாள் நெருங்கினால், ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்டில் ஒருவர் தாமாகவே பதவியேற்றுக்கொள்வார். ஸ்லைடு போடுவது அவர் வேலையில்லை. டைரக்டர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று ஊகித்து, பதிலும் எழுதி, பக்கத்தில் ஸ்லைடு நம்பரும் போட்டு சி.எஃப்.ஓ. கையில் கொடுப்பார். இளசுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கோனார் நோட்ஸ்.

ஸ்லைடு தயாரித்தவன் எங்கே மார்தட்டியிருக்கிறானோ, அங்கேதான் அவர் பென்சில் நிற்கும்.

"நாலாவது ஸ்லைடுல விற்பனை 36 கோடியிலேருந்து 40 கோடி. லாபமும் கூடியிருக்கு. சந்தோஷம். அப்ப ஒன்பதாவதுல பேங்க் பேலன்ஸ் ஏம்ப்பா இறங்கியிருக்கு?"

பதில் ஏழாவதில் ஒளிந்திருக்கும். வாடிக்கையாளர் பாக்கி 20 கோடியிலிருந்து 28 கோடி. பாக்கியை விற்பனையால் வகுத்து 90-ஆல் பெருக்குவார். முன்பு 50 நாளில் வந்த காசு, இப்போது 63 நாளாகிறது.

"விற்பனை கூடிச்சு, பாக்கியும் கூடிச்சுன்னு எழுதிடலாமா சார்?" என்பான் ஜூனியர்.

"அதே 50 நாள்னா பாக்கி 22 கோடி சொச்சம்தான் இருக்கணும் தம்பி. மிச்சம் ஆறு கோடிகிட்ட வசூல் மந்தம். அதை அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்."

அந்தப் பணம் எப்போது வரும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு எதிரே சிவப்பு மையில் 'ஸ்லைடில் இல்லை' என்று எழுதுவார். 'அடுத்த மாதம் வந்துவிடும்' என்று இட்டு நிரப்ப ஜூனியருக்குக் கை பரபரக்கும், விடமாட்டார். எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று பட்டியல் எடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்த பிறகுதான் பதில் எழுதுவார். அவருடைய நோட்ஸில் எனக்குப் பிடித்த இடமே அந்தச் சிவப்பு மைதான்.

கால்குலேட்டரோடு வரும் டைரக்டருக்கும் ஒரு பதில் உண்டு. 12.4-ம் 7.4-ம் சேர்ந்தால் 19.8, ஸ்லைடிலோ 19.9. உள்ளே இருப்பது 12.44-ம் 7.44-ம். கூட்டினால் 19.88, தசமத்தைச் சுருக்கினால் 19.9. இது தப்பில்லை, ஆனால் அடிக்குறிப்பு போடாவிட்டால் பத்து நிமிஷம் போய்விடும்.

ஒரே ஒரு பலவீனம்: பதிலோடு நிறுத்தாமல், பேசுகிறவருக்கு அடைப்புக்குறிக்குள் புத்திமதியும் எழுதிவைப்பார்.

போன போர்டில் பாக்கிக் கேள்வி சொல்லிவைத்த மாதிரி வந்தது. சி.எஃப்.ஓ. தாளைப் பார்த்துக் கணீரென்று படித்தார்: "63 நாள், ஏழாவது ஸ்லைடு. மந்தமான பில்கள் பின்னிணைப்பில். இதற்கு மேல் வாயைத் திறக்க வேண்டாம்."

கால்குலேட்டர் டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், திறங்களேன்!"